பாலத்துக் கம்பியில் ஊதாக் கோடு: மலிவு லென்ஸ் வீடியோவில் நிற ஓரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் எடிட்டிங்கிற்குக் கொண்டுவரும் கிளிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல் இது. கேள்விகளும் ஏறக்குறைய அவைதான் என்பதால், ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பாம்பன் பாலத்துக் கம்பிகளைச் சுற்றி ஊதா நிறத்தில் கோடு விழுகிறது. லென்ஸ் கெட்டுப்போய்விட்டதா?

கெட்டுப்போகவில்லை. அந்த லென்ஸ் பிறந்ததே அப்படித்தான். கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. ஊதாவை அதிகமாக வளைக்கும், சிவப்பைக் குறைவாக வளைக்கும். லென்ஸ் செய்பவர்கள் இரண்டு மூன்று வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து, நடுவில் உள்ள நிறங்களை ஒரே இடத்தில் குவிய வைத்துவிடுவார்கள். ஓரத்தில் இருக்கும் ஊதா மட்டும் அந்தக் கணக்கிற்குள் முழுதாக அடங்காது. அதையும் அடக்கச் சிறப்புக் கண்ணாடி வேண்டும், அதற்குத்தான் விலை ஏறுகிறது.

அடங்காத ஊதா ஒளி சென்சாரில் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகப் பரவுகிறது. வெளிச்சமான வானத்திலிருந்து வரும் அந்த வட்டங்கள் பக்கத்தில் உள்ள கறுத்த இரும்பின் மேல் கசிந்து விழும்போது கோடாகத் தெரிகின்றன. ஆகவே கோடு விழுவது வானத்தில் அல்ல, கம்பியின் பக்கம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் சரிசெய்யும்போது உதவும்.

இதே லென்ஸில் கொடைக்கானலில் எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. தனுஷ்கோடியில் மட்டும் ஏன் இப்படி?

கசிவு எங்கும் ஒன்றுதான், அதைக் காட்டிக்கொடுப்பது வெளிச்ச வேறுபாடு. பனிமூட்டத்தில் வானத்திற்கும் மரத்திற்கும் வேறுபாடு குறைவு. தனுஷ்கோடியில் தலைக்கு மேல் வெயில், கீழே வெள்ளை மணல், இருபுறமும் பளபளக்கும் கடல். இடிந்த தேவாலயச் சுவரின் நிழல் பக்கம் முகத்திற்கு எக்ஸ்போஷர் வைத்தால், பின்னால் உள்ள வானம் முழுவதுமாக வெளுத்துவிடும். வெளுத்த வானம் என்பது கேமராவால் அளக்க முடியாத அளவுக்கு ஒளி மிகுந்த இடம். அதிலிருந்து கசியும் சிறு பங்குகூடக் கறுப்பின் மேல் நன்றாகத் தெரியும்.

நம் பக்கத்தில் மிக மோசமாக மாட்டுவது பனை ஓலைதான். ஒவ்வொரு ஓலை நுனியும் மெல்லிய கறுப்புக் கோடு, இரண்டு பக்கமும் வானம். கசிவு இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்ந்துகொள்ளும், ஓலையே ஊதாவாகிவிடும். விசைப்படகின் கம்பங்களும் கயிறுகளும் அடுத்த இடத்தில் வருகின்றன.

சில கிளிப்பில் ஊதாவாக இல்லாமல், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலப்பச்சையுமாக வருகிறது. இதுவும் அதுதானா?

இல்லை, இது வேறு கோளாறு. வைத்தியமும் வேறு. முதல் கேள்வியில் சொன்னது நிறங்கள் முன்னும் பின்னுமாகக் குவிவதால் வருவது. இந்த இரண்டாவது வகையில் எல்லா நிறமும் கூர்மையாகவே குவிகிறது. ஆனால் சிவப்புப் படம் ஓர் அளவிலும் நீலப் படம் சற்று வேறு அளவிலும் விழுகிறது. அளவு வேறுபடுவதால் நடுவில் பொருந்தி, ஓரத்திற்குப் போகப் போக விலகும்.

கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு படகின் கம்பத்தை முதலில் பிரேமின் நடுவில் வைத்துச் சில விநாடி எடுங்கள், பிறகு அதே கம்பத்தை ஓரத்திற்குக் கொண்டுபோய் எடுங்கள். நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி ஊதா இருந்தால் முதல் வகை. நடுவில் சுத்தமாக இருந்து ஓரத்தில் மட்டும் இரு பக்கமும் வெவ்வேறு நிறம் வந்தால் இரண்டாம் வகை. மலிவு லென்ஸில் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. அப்போது ஓரத்துச் சிக்கலை முதலில் தீர்த்துவிட்டு ஊதாவுக்கு வர வேண்டும்.

அப்பெர்ச்சரை மூடினால் போய்விடும் என்கிறார்கள். எவ்வளவு மூட வேண்டும்?

ஊதா வகை குறையும், ஓரத்தில் விலகும் வகை குறையாது. ஊதா வட்டத்தின் அகலம் அப்பெர்ச்சரின் திறப்பைப் பொறுத்தது. f/1.8 இலிருந்து f/3.6 க்குப் போனால் வட்டம் பாதியாகச் சுருங்கும். 50 மி.மீ. f/1.8 லென்ஸ்களில் பெரும்பாலும் f/2.8 இல் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும், f/4 இல் 'இனி விட்டுவிடலாம்' என்கிற நிலைக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என்று வைத்தால் சரியான எக்ஸ்போஷருக்கு ஏறக்குறைய f/22 தேவைப்படும். f/4 இல் எடுக்க வேண்டுமானால் ஐந்து ஸ்டாப் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர், அதாவது என்.டி. 32, லென்ஸின் முன்னால் இருக்க வேண்டும். லாக் புரொஃபைலில் கேமரா ஐ.எஸ்.ஓ. 800 க்குக் கீழே இறங்காது என்றால் இன்னும் மூன்று ஸ்டாப் சேர்த்துக்கொள்ளுங்கள். என்.டி. கையில் இருப்பவர் பின்னணி மங்கலாக வேண்டும் என்று f/1.8 க்குத் திறந்துவிடுகிறார், கோடு அங்கேதான் பிறக்கிறது. பாலம், படகு, பனை போன்றவை பின்னால் வரும் காட்சிக்கு f/4 ஐத் தாண்டித் திறக்காதீர்கள்.

கூடவே ஜீப்ராவை 95 இல் வைத்து, வானத்தில் வரிகள் மறையும் வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். ஒரு ஸ்டாப் குறைத்தாலே கோடு மெலியும். அதற்கு மேல் இறக்கினால் 8 பிட் கோப்பில் முகத்தின் நிழல் பகுதி புள்ளி புள்ளியாகிவிடும்.

யு.வி. ஃபில்டர் போட்டால் ஊதா நின்றுவிடும் என்று கடையில் சொன்னார்கள்.

நிற்காது. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியே புற ஊதாவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. நமக்குத் தொல்லை தருவது கண்ணுக்குத் தெரியும் ஊதா, 400 முதல் 430 நானோமீட்டர் வரை உள்ளது. சாதாரண யு.வி. ஃபில்டர் அதைத் தொடுவதே இல்லை. வான்நோக்குபவர்கள் தொலைநோக்கியில் இதே சிக்கலுக்கு 'மைனஸ் வயலட்' என்ற இளமஞ்சள் ஃபில்டர் போடுவார்கள். அது உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் படம் முழுவதும் மஞ்சள் ஏறும், ஒயிட் பேலன்ஸை மறுபடி வைக்க வேண்டும், நம் லென்ஸ் அளவுகளில் தேடிப்பிடிப்பதும் சிரமம்.

யு.வி. ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிடவும் வேண்டாம். அரிச்சல்முனைக் காற்றில் வரும் உப்புத் தூறலை அது ஏற்றுக்கொள்ளும். அந்த உப்புப் படலத்தைத் துடைக்காவிட்டால் கம்பிகளைச் சுற்றி வெண்மையான ஒளிவட்டம் வரும். அதில் நிறம் இருக்காது. அதையும் 'ஃப்ரிஞ்சிங்' என்று நினைத்து மணிக்கணக்கில் நிறத்தைத் திருத்துபவர்கள் உண்டு. ஈரத்துணியால் உப்பைக் கரைத்துத் துடைத்தால் முடிந்துபோகும் வேலை.

எடுத்தாகிவிட்டது, திரும்பப் போக முடியாது. டாவின்சி ரிசால்வில் எப்படிச் சரிசெய்வது?

ஒரு கிளிப்பை எடுத்துக்கொண்டே சொல்கிறேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை, சாலைப் பாலத்தின் மேலிருந்து வெயிலுக்கு எதிராக எடுத்தது. 50 மி.மீ. லென்ஸ், f/1.8, 4கே, 8 பிட். வானத்தின் கீழ்ப்பாதி வெளுத்திருக்கிறது, மேல்பாதி வெளிர்நீலம். இரும்புச் சட்டங்களின் உட்பக்கம் மூன்று நான்கு பிக்சல் அகலத்தில் ஊதா. இலவசப் பதிப்பே இதற்குப் போதும்.

கலர் பக்கத்தில் மூன்று நோடுகள் வையுங்கள். முதல் நோடில் லாக்கிலிருந்து சாதாரண நிறத்திற்கு மாற்றமும் ஒயிட் பேலன்ஸும். இரண்டாவது நோடு ஊதாவுக்கு மட்டும். மூன்றாவதில் கான்ட்ராஸ்டும் உங்கள் விருப்பமான தோற்றமும். இந்த வரிசை முக்கியம். லாக்கில் எல்லா நிறமும் வெளிறி நெருங்கியிருப்பதால் ஊதாவை வானத்திலிருந்து பிரிக்க முடியாது. கான்ட்ராஸ்ட் ஏற்றிய பிறகோ கோடு தடித்து, ஓரம் கரடுமுரடாகிவிடும்.

இரண்டாவது நோடில் Qualifier ஐத் திறந்து, படத்தை 400 விழுக்காடு பெரிதாக்கி, கோட்டின் நடுவில் ஒரு பிக்சலைத் தொடுங்கள். `Shift+H` அழுத்தினால் தேர்வான பகுதி மட்டும் நிறத்தோடு தெரியும், மற்றவை சாம்பலாகும். முதல் தொடுதலில் வானமும் சேர்ந்து வரும், அதில் அதிர்ச்சி வேண்டாம். Hue அகலத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வெளிர்நீல வானத்தின் செறிவு குறைவு, கோட்டின் செறிவு அதிகம். ஆகவே Sat இன் கீழ் எல்லையை உயர்த்தினால் வானம் உதிர்ந்துவிடும். Lum இல் மிக வெளிச்சமான பகுதியையும் முழு இருளையும் வெட்டிவிடுங்கள். முதல் கேள்வியில் சொன்னபடி கோடு இரும்பின் பக்கம் விழுவதால், அது நடுத்தர வெளிச்சத்தில்தான் இருக்கும்.

தேர்வு சட்டங்களை ஒட்டி மெல்லிய வலைபோல் தெரிந்தால் சரி. அதன் ஓரம் படிக்கட்டாக இருக்கும், ஏனென்றால் இந்தக் கோப்புகளில் வெளிச்சம் முழு அளவிலும், நிறம் நீளத்திலும் அகலத்திலும் பாதி அளவிலும்தான் பதிவாகிறது. Blur Radius ஐச் சிறிதளவு ஏற்றி அதை மிருதுவாக்குங்கள். அதன் பிறகு Saturation ஐ 50 இலிருந்து 15 வாக்கில் இறக்குங்கள். பூஜ்யத்திற்குப் போக வேண்டாம், காரணம் அடுத்த பதிலில்.

அப்படிச் செய்தேன். ஊதா போய்விட்டது, ஆனால் கம்பியைச் சுற்றிச் சாம்பல் கோடு நிற்கிறது.

நீக்கியது நிறத்தை மட்டும்தான். கசிந்த ஒளி அங்கேயே இருக்கிறது. இருண்ட இரும்பின் மேல் ஒளி இருந்து நிறம் இல்லையென்றால் அது சாம்பலாகத்தான் தெரியும்.

இரண்டு திருத்தங்கள் உதவும். ஒன்று, அதே நோடில் Gain ஐக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். தேர்வான பகுதி மட்டும் இருண்டு இரும்போடு சேரும். அதிகம் இறக்கினால் கறுப்புப் பேனாவால் வரைந்ததுபோல் ஆகிவிடும். இரண்டு, பின்னணியில் நீல வானம் இருக்கும் இடங்களில் நிறத்தை முழுதாக எடுக்காமல், Hue vs Hue வளைகோட்டில் ஊதாப் புள்ளியை நீலத்தின் பக்கம் திருப்புங்கள். வானத்தின் நிறத்திலேயே உள்ள சிறு மங்கலைப் பார்ப்பவர் கண் வானத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். சாம்பலைவிட இது நன்றாக மறையும் என்பது என் கருத்து. வெளுத்த வானத்தின் முன் இந்த இரண்டாவது வழி பலிக்காது, அங்கே ஒளியைக் குறைப்பதுதான்.

மணப்பெண் கட்டியிருப்பது கத்தரிப்பூ நிறப் பட்டு. மேலே சொன்னதைச் செய்தால் புடவையும் வெளிறிப்போகிறது, அண்ணே.

நிறத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் இப்படித்தான் நடக்கும். Qualifier க்குப் புடவையும் தெரியாது, கோடும் தெரியாது. அதே நோடில் பெண்ணைச் சுற்றி ஒரு Window வரைந்து, அதைத் தலைகீழாக்கி, Tracker இல் பின்தொடர விடுங்கள். தேர்வு புடவைக்கு வெளியே மட்டும் வேலை செய்யும். முந்தானை காற்றில் பறந்து வானத்திற்கு முன்னால் வரும் இடத்தில் ஊதாப் புடவையின் ஓரத்தில் ஊதாக் கோடு இருந்தால் விட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

பாதிக்கப்படுவது புடவை மட்டுமல்ல. தனுஷ்கோடி மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடம்பங்கொடியின் பூவும் இதே நிறம்தான். அந்தி வானத்தின் கீழ் விளிம்பும் இந்த எல்லைக்குள் வரும். ஒரு கிளிப்பில் செய்த திருத்தத்தை மற்ற எல்லாக் கிளிப்புகளுக்கும் அப்படியே ஒட்டுபவர்கள் மாலைக் காட்சிகளைத் தனியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமரா மெனுவில் நிறப்பிறழ்ச்சித் திருத்தம் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டிருந்தும் ஏன் வருகிறது?

அது பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் சொன்ன ஓர விலகலைத்தான் திருத்தும், ஊதாக் கசிவை அல்ல. அதற்கும் லென்ஸ் தன் பெயரைக் கேமராவிடம் சொல்ல வேண்டும். கையால் ஃபோகஸ் திருப்பும், மின் இணைப்பே இல்லாத மலிவு லென்ஸைக் கேமராவுக்கு அடையாளம் தெரியாது. மெனுவில் போட்டிருந்தாலும் ஒன்றும் நடக்காது.

அப்படியானால் ஓரத்துச் சிவப்பு, நீலப்பச்சைக் கோட்டை எடிட்டிங்கில் எப்படி எடுப்பது?

நிறத்தைக் கழிக்காதீர்கள். அளவு மாறிய படத்தைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவருவதுதான் சரியான வைத்தியம். ரிசால்வில் நோடின் மேல் வலது கிளிக் செய்து Splitter/Combiner நோடைச் சேர்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி நோடாகப் பிரியும். பச்சையைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்பு நோடைத் தேர்ந்து, Sizing இல் Node Sizing க்குப் போய் Zoom ஐ மிகச் சிறிதாக மாற்றுங்கள். பிறகு நீலத்திற்கும் அதேபோல்.

எவ்வளவு சிறிது என்றால், 4கே படத்தின் பாதி அகலம் 1920 பிக்சல். Zoom 1.000 இலிருந்து 1.001 ஆனால் ஓரத்தில் ஏறக்குறைய இரண்டு பிக்சல் நகரும், நடுவில் ஒன்றும் நகராது. பெரும்பாலான லென்ஸுக்கு இந்த அளவே போதும். படத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு, கோடு மெலிந்து மறைந்து எதிர்நிறத்தில் திரும்பத் தோன்றும் வரை போய், பாதி திரும்பி வாருங்கள். பிறகு எதிர் மூலையைப் பாருங்கள். அங்கேயும் சரியாக இருந்தால் முடிந்தது.

மொபைலில் க்ளிப் லென்ஸ் மாட்டி எடுத்தேன். இடது ஓரம் சரியாகிறது, வலது ஓரம் கெடுகிறது.

க்ளிப் லென்ஸின் நடுவும் மொபைல் கேமராவின் நடுவும் ஒன்றாக இல்லை. மாட்டும்போது அரை மில்லிமீட்டர் விலகினாலும் இப்படித்தான் வரும். முந்தைய பதிலில் சொன்ன Zoom உடன், அதே நோடின் Pan, Tilt இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். முதலில் இரு ஓரங்களிலும் கோட்டின் அகலம் சமமாகும் வரை Pan, அதன் பிறகு Zoom. க்ளிப்பைக் கழற்றி மாட்டினால் விலகல் மாறிவிடும், அடுத்த கிளிப்புக்குப் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஆடும் கிளிப்பை ஸ்டெபிலைஸ் செய்த பிறகு இந்த Zoom திருத்தம் சில பிரேமில் பொருந்துகிறது, சில பிரேமில் பொருந்தவில்லை.

இந்தத் திருத்தம் முழுவதும் லென்ஸின் நடுப்புள்ளியை நம்பி நிற்கிறது. ஸ்டெபிலைஸ் செய்யும் மென்பொருள் ஆட்டத்தை அடக்கப் பிரேமை இங்கும் அங்கும் நகர்த்துகிறது. லென்ஸின் நடு அதோடு நகர்ந்துவிடும், உங்கள் Zoom மட்டும் படத்தின் நடுவையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் ஆட்டத்தோடேயே ஓரத்தைத் திருத்தி, அந்தக் கிளிப்பைத் தரம் குறையாத கோப்பாகத் தனியே எடுத்துக்கொண்டு, அதை ஸ்டெபிலைஸ் செய்யுங்கள்.

படகில் நின்று மொபைலின் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷனோடு எடுத்தது என்றால் நகர்த்தல் எடுக்கும்போதே நடந்துவிட்டது. அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஓரத்தில் பாதி அளவு திருத்தம் செய்துவிட்டு, மீதியைக் கொஞ்சம் உள்ளே கிராப் செய்து வெட்டிவிடுவது நல்லது.

ஃபோகஸ் முகத்தில் இருக்கிறது. பின்னால் பாலத்தின் ஓரம் பச்சையாகவும், முன்னால் உள்ள வலையின் ஓரம் ஊதாச் சிவப்பாகவும் வருகிறது. இரண்டு கோளாறா?

ஒன்றுதான், முதல் கேள்வியில் பார்த்ததன் இன்னொரு முகம். நிறங்கள் முன்னும் பின்னுமாகக் குவிவதால், ஃபோகஸுக்கு முன்னால் உள்ள மங்கலில் ஊதாச் சிவப்பும், பின்னால் உள்ள மங்கலில் பச்சையும் ஓரம் கட்டும். முகத்திலிருந்து பாலத்திற்கு ஃபோகஸ் நகரும் ஷாட்டில் அதே கம்பி பச்சையிலிருந்து நிறமற்றதாக மாறுவதையே பார்க்கலாம்.

பச்சையை Qualifier ஆல் பிடிக்கும்போது மன்னார் வளைகுடாத் தண்ணீரின் நிறமும், பின்னால் உள்ள பனையும் கூடவே வரும். ஊதாவைவிட இது கடினம். பாலத்தின் மேல் மட்டும் Window போட்டு, அதற்குள் பச்சையின் செறிவைப் பாதியாக்குவதோடு நான் நிறுத்திக்கொள்வேன். மங்கலான பின்னணியில் சற்றுப் பச்சை இருப்பதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஃபோகஸ் நகரும் ஷாட் என்றால் Saturation க்கு கீஃப்ரேம் வைத்து, ஃபோகஸ் பாலத்தை அடையும்போது திருத்தம் மறையும்படி செய்யுங்கள்.

பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. எங்கே நிறுத்துவது?

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அளவில் பாருங்கள், 400 விழுக்காட்டில் அல்ல. 4கே கிளிப்பை 1080 ஆகக் கொடுப்பதாக இருந்தால் நான்கு பிக்சல் கோடு இரண்டாகிவிடும், அதோடு பாதி அளவில் பதிந்த நிறமும் புதிய பிக்சலுக்குச் சரியாகப் பொருந்தும். நிறுத்திய பிரேமில் அல்ல, ஓடவிட்டுப் பாருங்கள். கம்பிகளின் ஓரம் மினுக்கினால் தேர்வு பிரேமுக்குப் பிரேம் மாறுகிறது என்று பொருள். நிலையான மெல்லிய ஊதா கண்ணில் படாமல் போய்விடும், மினுக்கும் சாம்பல் போகாது. அப்போது Hue எல்லையின் ஓரங்களை மிருதுவாக்கி, திருத்தத்தின் அளவைக் குறையுங்கள்.

இந்த 50 மி.மீ. லென்ஸை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

வெளிப்புறக் காட்சிகளுக்காக என்றால், முதலில் பையில் கிடக்கும் கிட் லென்ஸை f/5.6 இல் வைத்து அதே பனையை எடுத்துப் பாருங்கள். திறப்பு சிறியது என்பதால் ஊதா மிகக் குறைவாக இருக்கும். ஓரத்தில் சிவப்பு, நீலப்பச்சை வரலாம், ஆனால் மின் இணைப்புள்ள லென்ஸ் என்பதால் அதைக் கேமராவே திருத்திவிடும். 50 மி.மீ. லென்ஸைக் கல்யாண மண்டபத்துக்குள், வெளிச்சம் குறைந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே f/1.8 தேவைப்படும், பின்னால் வெளுத்த வானமும் இருக்காது. சீரியல் பல்பு மாலைகளைச் சுற்றி மட்டும் சிறு ஊதா வரும். அதற்கு f/2.5 வரை மூடினால் போதும்.